மழை மீது மட்டும் பழி போடலாமா?

2009-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், உதகைக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த வாரத்தில் நீலகிரி மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அதே மாவட்டத்தின் மேற்குப் பகுதியான அவலாஞ்சியில் மீண்டும் அதே 82 செ.மீ. பதிவானது, மறுநாள் 91 செ.மீ. அங்கும் காட்டுக்குள் மலை பல இடங்களில் சரிந்தது. ஆனால், அந்த மழைக்காலத்தில் மாவட்டம் முழுவதும் இறந்தவர்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவது முழுமையான நியாயம் ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவலாஞ்சி ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து பழகிய மண். அங்கு மக்களும் மிகக் குறைவு. கேத்தியோ அவ்வளவு மழையைக் காணாத கிழக்குச் சரிவு. அங்கே வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் சாலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆனால், அந்த வேறுபாடுதான் நாம் கவனிக்க வேண்டியது. வானத்திலிருந்து விழுந்த நீரின் அளவு ஒன்றே. அந்த நீர் விழுந்த மலையை மனிதர்கள் எவ்வளவு வெட்டியிருந்தார்கள், அதன்மீது எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பதுதான் வேறு.

நான் புவியியல் படித்தவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆனால், பணிக்காலத்தில் சில ஆண்டுகள் குன்னூரில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். அங்கே கண்ட ஒரு சம்பவம்தான் இந்தப் பொருளைத் தேடித் தேடிப் படிக்க வைத்தது.

வீட்டு உரிமையாளர் பின்பக்கம் இரண்டு அறைகள் கூடுதலாகக் கட்ட விரும்பினார். அதற்காகப் பின்னாலிருந்த சரிவைப் பொக்லைன் இயந்திரம் வைத்து இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டினார். தடுப்புச் சுவர் எழுப்புங்கள் என்று மேஸ்திரி சொன்னபோது, 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்றார். வெட்டிய மண் செங்கல் சூளையில் சுட்டதுபோல் நின்றது. இரண்டு கோடைகள், ஒரு சுமாரான மழைக்காலம் கடந்தன. 'பாருங்க சார், கல்லு மாதிரி நிக்குது' என்று அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. அடுத்த நவம்பரில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு பிற்பகலில் அது மொத்தமாகச் சரிந்து, சமையலறையின் பின்சுவரை உள்ளே தள்ளியது. சமையல் முடித்து அனைவரும் முன்னறைக்கு வந்துவிட்ட நேரம் என்பதால் யாருக்கும் காயமில்லை.

இரண்டு ஆண்டுகள் கல்போல் நின்ற மண் ஏன் ஒரு பிற்பகலில் சேறாகிப் போனது? அதற்கான விடையில்தான் நிலச்சரிவின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. அதை எனக்குப் பழக்கமான வரவு - செலவுக் கணக்காகவே சொல்கிறேன்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் எனப்படும் மிகக் கடினமான பாறை. பல லட்சம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் அரித்ததால் அதன் மேற்பகுதி செம்மண்ணாக மாறியிருக்கிறது. சில இடங்களில் இந்த மண் ஓரிரு மீட்டர். சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல். சாய்வான பாறையின் மீது போர்த்திய கனமான கம்பளி போன்றது இது. எடை அதனை எந்நேரமும் கீழே இழுத்துக் கொண்டிருக்கிறது. இந்த இழுப்புதான் மலை அன்றாடம் அடைக்க வேண்டிய கடன்.

எடுத்துக்காட்டுக்கு, 25 பாகை சாய்ந்த ஒரு சரிவு. அதன்மேல் 3 மீட்டர் ஆழத்துக்கு மண். மண்ணியல் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரத்தில், இத்தகைய மண்ணுக்கு வழக்கமான மதிப்புகளை இட்டுப் பார்த்தேன். கீழே இழுக்கும் விசையை 100 ரூபாய் கடன் என்று வைத்துக் கொண்டால், அதனை ஈடுகட்ட மலையிடம் மூன்று வரவுகள் இருக்கின்றன. மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் கிடைப்பது 124 ரூபாய். மண்ணின் ஒட்டும் தன்மையால் 37 ரூபாய். மரம், செடிகளின் வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிப்பதால் 23 ரூபாய். ஆக மொத்தம் 184. கடன் 100, வரவு 184. மலை நிம்மதியாக நிற்கிறது.

இப்போது அடைமழை. நீர் உள்ளிறங்கி, கீழே பாறையைத் தாண்ட முடியாமல் தேங்கி, மண் முழுவதையும் நிறைக்கிறது. இங்கே பலரும் தவறாகப் புரிந்து கொள்ளும் ஓரிடம் உண்டு. நனைந்த மண் கனமாகிவிடுவதால்தான் சரிகிறது என்று நினைக்கிறோம். அது சிறு பகுதிதான். கிணற்று நீரில் மூழ்கிய குடம் கைக்கு இலேசாகத் தெரிவதுபோல, மண் துளைகளை நிறைத்த நீர் துகள்களைத் தூக்கிக் கொடுக்கிறது. அவை ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறைகிறது. நம் கணக்கில் 124 ரூபாயாக இருந்த உராய்வு வரவு 60 ரூபாயாகச் சரிந்துவிடுகிறது. மொத்த வரவு இப்போது 60, 37, 23 சேர்ந்து 120. கடன் 100. கையிருப்பு சுருங்கிவிட்டது, ஆனாலும் மலை நிற்கிறது.

அதே சரிவில் மரங்களை வெட்டிவிட்டோம் என்று வைத்துக் கொள்வோம். வேர்களின் 23 ரூபாய் இல்லை. வரவு 97, கடன் 100. மலை சரிகிறது. இரண்டு சரிவுகளிலும் பெய்தது ஒரே மழைதான்.

காடழிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, மரத்தை வெட்டிய ஆண்டே மலை சரிவதில்லை. வெட்டப்பட்ட மரத்தின் வேர்கள் மண்ணுக்குள் சில ஆண்டுகள் பிடியை விடாமல் இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல மக்கி, புதிய வேர்கள் இன்னும் பரவாத இடைவெளிதான் ஆபத்தானது. அதனால்தான் 'மரத்தை வெட்டி நான்கு வருடமாகிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதம் அபாயகரமானது. இரண்டாவது, வேர்களின் உதவிக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான வேர்கள் மேல் ஓரிரு மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே ஆழத்தில் வழுக்கும் பெருஞ்சரிவை எந்தக் காடும் தடுத்து நிறுத்தாது. சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த நீலகிரிச் சரிவுகளில் தேயிலையும் சீகை, யூகலிப்டஸ் மரங்களும் காய்கறிப் பாத்திகளும் வந்தன. இவை எல்லாம் மண்ணை ஒரே அளவில் பிடிப்பதில்லை. ஆண்டுக்குப் பல முறை கிளறப்படும் காய்கறி நிலம்தான் இவற்றில் பலவீனமானது.

இனி, சாலை வெட்டுக்கு வருவோம். என் வீட்டு உரிமையாளர் செய்ததும் சிறிய அளவிலான சாலை வெட்டுதான். சரிவின் அடிவாரத்தில் இருக்கும் மண், மேலே உள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அடிவாரத்தை வெட்டும்போது அந்த முட்டை எடுத்துவிடுகிறோம். கூடவே 25 பாகையாக இருந்த சாய்வை அந்த இடத்தில் செங்குத்தாக்கிவிடுகிறோம்.

அப்படியானால் வெட்டிய உடனே ஏன் விழவில்லை? காய்ந்த மண்ணில் இருக்கும் சிறிதளவு ஈரம் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் ஈரமணலைக் கொண்டு குழந்தைகள் வீடு கட்ட முடிவது இதனால்தான். செங்குத்தாக வெட்டிய மண் எவ்வளவு உயரம் தானாக நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதன்படி, மண்ணின் ஒட்டும் தன்மை பாதியாகக் குறைந்தால் நிற்கக்கூடிய உயரமும் பாதியாகும். கோடையில் ஏறத்தாழ 3.8 மீட்டர் வரை தானே நிற்கக்கூடிய ஒரு வெட்டு, மழையில் ஊறி ஒட்டும் தன்மை பாதியானதும் 1.9 மீட்டருக்கு மேல் நிற்க முடியாது. எங்கள் வீட்டுப் பின்புற வெட்டு ஏறக்குறைய மூன்றரை மீட்டர். கோடையில் அது நின்றது உறுதிக்குச் சான்றல்ல. அது மண் தற்காலிகமாகக் கொடுத்த கடன். நவம்பரில் மலை அந்தக் கடனைத் திருப்பிக் கேட்டது.

மலையில் சாலை போடும்போது வெட்டு மட்டும் நிகழ்வதில்லை. வழக்கமாகச் சாலையின் ஒரு பாதி, மேற்புறச் சரிவை வெட்டி அமைக்கப்படுகிறது. மறுபாதி அந்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டி நிரவப்படுகிறது. மிச்ச மண்ணையும் கல்லையும் அப்புறப்படுத்த லாரி வாடகை ஆகும் என்பதால், அவை அப்படியே பள்ளத்தாக்கில் தள்ளப்படுவதும் உண்டு. ஆக, மேற்புறம் முட்டிழக்கிறது. கீழ்ப்புறம் இறுகாத மண்ணின் சுமை ஏறுகிறது.

மூன்றாவதாக ஒன்று நிகழ்கிறது. அதுதான் கண்ணில் படுவதே இல்லை. மலை முழுவதும் பரவலாக வழிந்த நீரைச் சாலை குறுக்கே மறித்து, மேற்புறக் கால்வாயில் சேர்த்து, சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள் வழியே குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் கீழே விடுகிறது. அந்தச் சிறுபாலம் ஒன்றில் இலை, பிளாஸ்டிக், சரிந்த மண் அடைத்துக் கொண்டால், அரைக் கிலோ மீட்டர் நீளச் சாலையில் சேர்ந்த நீர் முழுவதும் சாலையைத் தாண்டி ஓரிடத்தில் கொட்டும். அந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள சரிவு தன் வாழ்நாளில் கண்டிராத நீரை ஒரே இரவில் காண்கிறது. அதற்குக் கீழே ஒரு வீடு இருக்கலாம். அந்த வீட்டுக்காரர் எந்த மரத்தையும் வெட்டியவர் அல்லர். எந்த மண்ணையும் தோண்டியவர் அல்லர்.

2009-இல் நீலகிரியில் நிகழ்ந்த சரிவுகளில் பெரும்பகுதி சாலைக்காகவும் ரயில் பாதைக்காகவும் வீட்டுமனைக்காகவும் வெட்டப்பட்ட சரிவுகளில் நிகழ்ந்தவை. மழையே இல்லாமல் வெட்டு மட்டுமே உயிரைப் பறிக்கும் என்பதற்கும் அண்மைக்காலச் சான்று இருக்கிறது. 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி உதகை அருகே லவ்டேலில், தடுப்புச் சுவர் கட்டுவதற்காக மண் தோண்டிக் கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் மண்ணோடு சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தனர். பிப்ரவரி நீலகிரியில் வறண்ட மாதம். சரிவைத் தடுப்பதற்கான சுவருக்காக, சரிவின் அடிவாரத்தை முட்டுக்கொடுக்காமல் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆறு உயிர்கள் விலையாயின.

பொருளாதாரத்தில் ஒரு பாடம் உண்டு. ஒருவர் செலவைத் தவிர்ப்பதால் வரும் லாபம் அவருக்கும், அதனால் வரும் நஷ்டம் வேறொருவருக்கும் போகுமானால், அந்தச் செலவு ஒருபோதும் தானாகச் செய்யப்படாது. வடிகாலோடு கூடிய தடுப்புச் சுவருக்கான பணத்தை மிச்சப்படுத்துபவர் மேலே இருக்கிறார். மண் வந்து விழுவது கீழே இருப்பவர் வீட்டில். மிச்ச மண்ணை அப்புறப்படுத்தும் செலவைத் தவிர்ப்பவர் ஒப்பந்தத்தை முடித்துக் கொண்டு போய்விடுகிறார். அந்த மண் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு நவம்பர் இரவில் இறங்குகிறது. மலையில் அனுமதியும் கண்காணிப்பும் தேவைப்படுவது இதனால்தான். தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டிலேயே மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. விதி இல்லை என்பதல்ல நம் குறை. அனுமதி பெறாத சிறிய வெட்டுகள் ஒவ்வொன்றும் 'இரண்டு அறைதானே' என்று கடந்து போகப்படுவதுதான் குறை.

அரசும் ஒப்பந்ததாரரும் திருந்தும்வரை குடியிருப்பவர் என்ன செய்வது? மலை பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் சரிவதில்லை. எங்கள் வீட்டில் அது சொல்லிக் கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை. சரிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே சமையலறையின் பின்கதவு நிலையில் இறுகித் திறக்க மறுத்தது. மழை ஈரத்தில் மரம் உப்பிவிட்டது என்று தச்சரை அழைத்து இழைத்துச் சரிசெய்தோம். உப்பியது கதவல்ல, சுவர் நகர்ந்து கொண்டிருந்தது. முந்தைய நாள் வெட்டின் அடியில் இதுவரை இல்லாத இடத்தில் நீர் கசிந்தது. அன்று காலை அந்த நீர் கலங்கலாகச் செம்மண் நிறத்தில் வந்தது. மழை நீர்தானே என்று எண்ணினோம்.

மலையில் குடியிருப்போர் மழைக்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு மேலே உள்ள சரிவை. அங்கே தரையில் பிறைவடிவில் வளைந்த புதிய விரிசல் தெரிந்தால், அதற்குக் கீழே உள்ள மண் முழுவதும் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, இடையே உள்ள தூரத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நாள்தோறும் அளந்து பாருங்கள். தூரம் மாறாமல் இருந்தால் விரிசலைக் களிமண்ணால் அடைத்து, மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்து, மழைநீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். தூரம் கூடிக்கொண்டே போனால், அதிலும் நேற்றைவிட இன்று அதிகமாகக் கூடினால், அடைப்பதில் பயனில்லை. வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நேரம் அது.

அடுத்து, நீர். பழைய ஊற்று திடீரென நின்றுபோவதும், புதிய இடத்தில் ஊற்று கிளம்புவதும், தெளிவாக வந்த ஊற்றுநீர் கலங்கலாவதும் மண்ணுக்குள் ஏதோ நகர்ந்துவிட்டது என்பதைக் காட்டும். தடுப்புச் சுவரில் நீர் வெளியேற விடப்பட்ட துளைகளைக் கவனியுங்கள். நல்ல மழையில் அவற்றிலிருந்து நீர் வடிந்து கொண்டிருக்க வேண்டும். மழை கொட்டும்போது அவை உலர்ந்திருந்தால் அடைத்துக் கொண்டன என்று பொருள். சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி அதனை வெளியே தள்ளிக் கொண்டிருக்கிறது. சுவரின் நடுப்பகுதி வெளிப்புறமாக உப்பியிருந்தால் தள்ளல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கழிவுநீர் உறிஞ்சு குழியை வெட்டின் மேல்விளிம்புக்கு அருகில் அமைத்திருப்பவர்கள், மழையே இல்லாத நாளிலும் சரிவுக்கு நீர் ஊட்டிக் கொண்டிருக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

மூன்றாவது, நேராக நிற்க வேண்டியவை சாய்வது. மின்கம்பம், வேலிக்கால், மரம் ஆகியவை ஒரே பக்கமாகச் சாய்ந்தாலும், சாலையின் வெளிப்புறப் பாதி உள்வாங்கினாலும், கதவு, ஜன்னல் இறுகினாலும், சுவர் மூலைகளில் படிக்கட்டுப் போல் விரிசல் ஓடினாலும் அவற்றைத் தனித்தனிப் பழுதுகளாகக் கருதித் தனித்தனியாகச் சரிசெய்யக் கூடாது. ஒன்று தெரிந்தால் மற்றவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு சேர்ந்து தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அன்றிரவு அந்த வீட்டில் உறங்கக் கூடாது.

இந்த அடையாளங்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை அழித்த சரிவு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கி, பாறையும் மரமும் சேறுமாக ஆற்றின் வழியே ஏறக்குறைய 8 கி.மீ. ஓடியது. அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் அப்பகுதியில் ஏறத்தாழ 57 செ.மீ. மழை பெய்திருந்தது. கீழே ஆற்றங்கரையில் இருந்த வீடுகளின் கதவு இறுகியிருக்காது; சுவரில் விரிசல் விழுந்திருக்காது. ஆபத்து அவர்கள் காலடியில் இல்லை. தலைக்கு மேல் வெகுதொலைவில் இருந்தது.

ஓடையோரமும் பள்ளத்தாக்கின் வாயிலும் வசிப்பவர்கள் ஆகவே ஓடையைத்தான் கேட்க வேண்டும். மழை கொட்டும்போது ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால் மகிழக் கூடாது. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். நீர் திடீரெனச் சேற்று நிறமாவதும், மரங்கள் முறியும் ஓசையும், பாறைகள் உருளும் அதிர்வும் நிமிடக்கணக்கில் மட்டுமே அவகாசம் தரும் அறிகுறிகள். அப்போது ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. அந்தச் சேற்றின் வேகத்தை மனிதக் கால்கள் வெல்ல முடியாது. ஓடைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும்.

இரவில் அதுவும் இயலாது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில், தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயன் வீடுகள் மீது மலை இறங்கியபோது 70 உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், வெளியுலகுக்குச் செய்தி போய்ச் சேரவே மறுநாள் காலை ஆயிற்று. ஓடைக்கரையில் வாழ்வோருக்கு எச்சரிக்கை என்பது மாலை வெளிச்சம் இருக்கும்போதே எடுக்கும் முடிவுதான்.

அந்த முடிவை எதை வைத்து எடுப்பது? வானிலை ஆய்வு மையம், ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்வதை அதி கனமழை என வகைப்படுத்துகிறது. ஆனால், முன்பே பல நாள்கள் நனைந்து கையிருப்பைச் செலவழித்துவிட்ட சரிவு, அதைவிடக் குறைந்த மழைக்கே சரியக்கூடும். அதனால் இன்றைய மழையை மட்டும் பாராமல், கடந்த மூன்று நான்கு நாள்களின் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை மாறும் மலையில், நகரத்து மழைமானி சொல்வது உங்கள் சரிவுக்குப் பொருந்தாமல் போகலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளவுகோலால் அளந்து, கொட்டிவிட்டு மறுபடி வைத்தால் போதும். பள்ளி மாணவர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்து ஊர்ப் பொதுப்பலகையில் எழுதச் சொல்லலாம்.

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது. அது முதலில் முன்கணிப்பு வெளியிடத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. 'பூஸ்கலன்' என்ற கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. எனினும், அந்த முன்கணிப்பு ஒரு வட்டாரத்தில் அபாயம் கூடியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தச் சரிவு, எந்த வீடு என்று சொல்லாது. கொல்கத்தாவின் கணிப்புக்கும் உங்கள் கொல்லைப்புற விரிசலுக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பக்கூடியவர் அந்த விரிசலைப் பார்ப்பவர் மட்டுமே.

நீலகிரி மாவட்ட நிர்வாகம் அபாயத்துக்குள்ளாகும் இடங்கள் என 283 இடங்களை அடையாளம் கண்டிருக்கிறது. அந்தப் பட்டியல் அலுவலகக் கோப்பில் இருப்பதைவிட, அந்த 283 இடங்களிலும் பலகையாக நிற்பது நல்லது. அப்பலகையில், எவ்வளவு மழைக்கு வெளியேறுவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, எந்தப் பாதையில் போவது என்ற மூன்று மட்டும் இருந்தால் போதும். மலையில் வெட்டுக்கு அனுமதி வழங்கும்போது தடுப்புச் சுவரும் வடிகாலும் முடிந்த பிறகே மேற்கொண்டு கட்ட அனுமதிக்க வேண்டும். அவற்றுக்கான தொகையை முன்வைப்பாகப் பெற்று, ஒரு மழைக்காலம் கடந்த பிறகே திருப்பித் தர வேண்டும். கீழே இருப்பவர் தலையில் இறங்கும் செலவை மேலே வெட்டுபவர் கணக்கில் ஏற்ற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பாக, செப்டம்பர் மாதத்துக்குள் சாலையோரச் சிறுபாலங்கள் அனைத்தும் தூர்வாரப்பட வேண்டும். மண்வெட்டியும் கூலியும் மட்டுமே தேவைப்படும் வேலை அது.

அவலாஞ்சி என்ற பெயரே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த ஒரு பெரும் சரிவைக் குறித்து ஆங்கிலேயர் இட்ட பெயர். மலை அன்றும் சரிந்தது, இனியும் சரியும். மழையை நாம் குறைக்க முடியாது. ஆனால், மலையின் கையிருப்பைக் கரைப்பதை நிறுத்த முடியும். குன்னூரில் அந்த வீட்டின் பின்புறம் இப்போது கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. சென்ற ஆண்டு போனபோது முதலில் அதன் துளைகளைத்தான் பார்த்தேன். மழை பெய்து கொண்டிருந்தது. துளைகளிலிருந்து தெளிந்த நீர் வடிந்து கொண்டிருந்தது.